அட்டாச் பட்டன் வேலை செய்யவில்லையா? எக்ஸ்டென்ஷனா, இன்காக்னிட்டோவா என்று கண்டுபிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பெருந்துறை பக்கம் சின்னச் சின்ன கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மெயிலில் ஃபைல் சேர்க்கும், பேப்பர் கிளிப் படம் போட்ட பட்டன் வேலை செய்யவில்லை என்று வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். அநேகமாக எல்லோரும் அதற்குள் கம்ப்யூட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டிருப்பார்கள். சிலர் ப்ரவுசரையே அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியிருப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. என்னிடம் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். எட்ஜிலும் ஏறக்குறைய இதே வழிதான். ஃபயர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

“ஏனுங்க, கிளிப் படத்தை அமுக்குனா ஒண்ணுமே வரமாட்டீங்குது. மொதல்ல என்ன பாக்கோணும்?”

எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டனே கண்ணுக்குத் தெரியவில்லையா? பட்டன் இருக்கிறது, அமுக்கினால் ஃபைல் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கவில்லையா? பெட்டி திறந்து ஃபைலையும் எடுத்துவிட்டீர்கள், ஆனால் ஏறாமல் நிற்கிறதா? கேட்பவர்கள் மூன்றையும் “அட்டாச் ஆகல” என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

இன்னொன்றையும் உடனே பார்த்துவிடுங்கள். ஃபைல் பெட்டி ஏற்கெனவே திறந்து, வேறு விண்டோவுக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கலாம். அது திறந்திருக்கும்வரை மறுபடி அமுக்கினாலும் புதிதாக எதுவும் வராது. எல்லா விண்டோவையும் கீழே இறக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் Alt+Tab அமுக்கிப் பாருங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“எக்ஸ்டென்ஷன்னா என்னங்க? நான் எதையும் போட்ட மாதிரி ஞாபகமே இல்லீங்களே.”

ப்ரவுசருக்குள் ஏற்றிக்கொள்ளும் சின்ன புரோகிராம்தான் எக்ஸ்டென்ஷன். விளம்பரம் தடுப்பது, பக்கத்தைப் படம் பிடிப்பது, இங்கிலீஷ் பிழை திருத்துவது, பாஸ்வேர்டு நினைவு வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. விலாசப் பட்டையில் `chrome://extensions` என்று அடித்து என்டர் தட்டினால் உங்களிடம் இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். ஞாபகமே இல்லை என்று சொன்னவர்கள் பலருக்கு அங்கே ஐந்தாறு இருந்தன. வேறு ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றும்போது கூடவே வந்திருக்கும், அல்லது ஏதாவது ஒரு பக்கத்தில் கேட்டபோது சரி என்று அமுக்கியிருப்பார்கள்.

பல எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் திறக்கும் பக்கத்துக்குள்ளேயே தங்கள் புரோகிராம் வரிகளை நுழைக்கின்றன. நீங்கள் பட்டனை அமுக்கியதை மெயில் பக்கம் கேட்பதற்கு முன்பே அவை கேட்டுக்கொள்ள முடியும், அந்த கிளிக்கை அப்படியே நிறுத்திவிடவும் முடியும். பட்டன் அசையாமல் இருப்பதற்கு இதுதான் முக்கியமான வழி.

“கோளாறு மெயில்லயா, ப்ரவுசர்லயா, கம்ப்யூட்டர்லயேவான்னு எப்படிங்க தெரியும்?”

இதற்கு அரை நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. புது டேப் திறந்து, விலாசப் பட்டையில் கீழே இருப்பதை அப்படியே அடித்து என்டர் தட்டுங்கள்.

```
data:text/html,<input type=file>
```

வெள்ளைப் பக்கத்தில் ஃபைல் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு பட்டன் மட்டும் வரும். அதை அமுக்கிப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்குள் எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக நுழைவதில்லை, இதற்குப் பின்னால் எந்த வெப்சைட்டும் இல்லை. ஆகவே இங்கே பெட்டி திறந்தால் ப்ரவுசரும் விண்டோஸும் நன்றாக இருக்கின்றன, கோளாறு அந்த மெயில் பக்கத்தில் அல்லது அதற்குள் நுழைந்த எதிலோதான் என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கேயும் திறக்கவில்லை என்றால் எக்ஸ்டென்ஷனைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ப்ரவுசரை முழுதாக மூடித் திறந்து பாருங்கள்; ஆபீஸ் கம்ப்யூட்டராக இருந்தால் பின்னால் வரும் கம்பெனி கம்ப்யூட்டர் பற்றிய பதிலுக்குப் போய்விடுங்கள்.

“இன்காக்னிட்டோல தொறந்து பாருன்னு எல்லாருஞ் சொல்றாங்க. அதுல என்னங்க மாறுது?”

Ctrl+Shift+N அமுக்கினால் கறுப்பாக ஒரு விண்டோ திறக்கும். அதில் ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் மாறிவிடுகின்றன. எக்ஸ்டென்ஷன்கள், நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர, அங்கே ஓடாது. உங்களை நினைவு வைத்துக்கொள்ள வெப்சைட்டுகள் ப்ரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்புகளான பழைய குக்கிகள், சேமித்துவைத்த பக்கங்கள் எதுவும் இருக்காது, காலியாகத் தொடங்கும். அப்புறம், நீங்கள் இருக்கும் வெப்சைட்டைத் தவிர வேறு வெப்சைட் அதே பக்கத்துக்குள்ளிருந்து வைக்கப்பார்க்கும் குக்கிகளை அது தடுத்துவிடும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது. மூன்றும் சேர்ந்து மாறுவதால், இன்காக்னிட்டோவில் ஒன்று சரியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து எது காரணம் என்று சொல்ல முடியாது.

சோதிக்கும் முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். `chrome://extensions` பக்கத்தில் ஒவ்வொன்றிலும் Details அமுக்கினால் Allow in Incognito என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எதற்காவது அது ஆனில் இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷன் இன்காக்னிட்டோவுக்கும் வந்துவிடும், சோதனை செல்லாது. விளம்பரத் தடுப்பானுக்கு இதை ஆன் செய்துவைத்திருப்பவர்கள் அதிகம்.

“இன்காக்னிட்டோல நல்லா வேலை செய்யுது. அப்ப எக்ஸ்டென்ஷன்தான்னு முடிவு பண்ணிறலாமுங்களா?”

இன்னும் முடியாது. போன பதிலில் சொன்ன மூன்றில் முதல் இரண்டில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்: எக்ஸ்டென்ஷன் இல்லாததால் சரியாகியிருக்கலாம், பழைய குக்கியும் சேமித்த பக்கமும் இல்லாததால் சரியாகியிருக்கலாம். இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பிரிப்பது சுலபம். சாதாரண விண்டோவுக்கே திரும்பி வாருங்கள். `chrome://extensions` பக்கத்தில் எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஆஃப் செய்யுங்கள். அழிக்க வேண்டாம், சுவிட்சை மட்டும் தள்ளுங்கள். பிறகு மெயில் இருக்கும் டேபுக்குப் போய் F5 அமுக்கிப் பக்கத்தைப் புதிதாக ஏற்றுங்கள். இப்போது பட்டன் வேலை செய்தால் எக்ஸ்டென்ஷன்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். அப்போதும் வேலை செய்யவில்லை, ஆனால் இன்காக்னிட்டோவில் வேலை செய்கிறது என்றால் பழைய சேமிப்புதான் தொல்லை. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, வருஷக்கணக்காகப் பயன்படுத்திய நல்ல எக்ஸ்டென்ஷன்களை அழித்துவிட்டுக் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

“எட்டு எக்ஸ்டென்ஷன் இருக்குதுங்க. எது பண்ற வேலைன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?”

பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். நடந்த ஒன்றையே சொல்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். தூத்துக்குடியில் இருக்கும் கிளியரிங் ஏஜென்டுக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். கிளிப் படம் அசையவே இல்லை. முதலில் அந்த வெள்ளைப் பக்கச் சோதனையைச் செய்யச் சொன்னேன், பெட்டி திறந்தது. அடுத்து இன்காக்னிட்டோவில் மெயிலுக்குள் போகச் சொன்னேன், அங்கே பட்டன் வேலை செய்தது. அவசரமான இரண்டு ஃபைலையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டோம். காரணத்தை அப்புறம் சாவகாசமாகத் தேடலாம் அல்லவா.

பிறகு சாதாரண விண்டோவில் எட்டையும் ஆஃப் செய்து F5 அமுக்கினோம், பட்டன் வேலை செய்தது. ஆக, எட்டில் ஒன்று. மேலே இருந்த நான்கை மட்டும் ஆன் செய்தோம்: விளம்பரத் தடுப்பான், பிழை திருத்தி, பாஸ்வேர்டு காப்பான், மொழிபெயர்ப்பான். F5, வேலை செய்தது. அந்த நான்கும் நிரபராதி. கீழே இருந்த நான்கில் இரண்டை, பக்கத்தைப் படம் பிடிப்பதையும் பிடிஎஃப் மாற்றுவதையும், ஆன் செய்தோம். F5, பட்டன் நின்றுவிட்டது. அதில் படம் பிடிப்பதை ஆஃப் செய்தோம், இன்னும் நின்றுதான் இருந்தது. மிச்சம் பிடிஎஃப் மாற்றி ஒன்றுதான். எட்டுக்கு மூன்றே சுற்று. ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் அது ஏழாவதாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு கட்டாயம் செய்ய வேண்டும். மற்ற ஏழையும் ஆன் செய்து, பிடிஎஃப் மாற்றியை மட்டும் ஆஃப் செய்து பார்த்தோம். பட்டன் வேலை செய்தது. அரிதாக இரண்டு எக்ஸ்டென்ஷன் சேர்ந்திருக்கும்போது மட்டுமே கோளாறு வரும். தனித்தனியாக இரண்டு பாதியும் நன்றாக ஓடும், எட்டும் சேர்ந்தால் நிற்கும். அப்படி வந்தால் எட்டையும் ஆனில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஆஃப் செய்து போங்கள்.

“ஆஃப் பண்ணிப் பாத்துட்டனுங்க. ஒண்ணும் மாறலீங்களே?”

F5 அமுக்கினீர்களா? எக்ஸ்டென்ஷனை ஆஃப் செய்தாலும், அது ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்துக்குள் நுழைத்த புரோகிராம் வரிகள் அங்கேயே இருக்கும். பக்கத்தைப் புதிதாக ஏற்றினால்தான் அவை போகும். “ஆஃப் பண்ணியும் மாறல” என்று சொல்பவர்களில் நிறையப் பேர் விட்டது இந்த ஒரு தட்டைத்தான். டைப் செய்துகொண்டிருக்கும் மெயிலை முதலில் டிராஃப்டில் சேமித்துக்கொள்ளுங்கள்.

F5க்குப் பிறகும் மாறவில்லை, இன்காக்னிட்டோவில் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், அந்த ஒரு வெப்சைட்டின் பழைய சேமிப்பை மட்டும் அழியுங்கள். `chrome://settings/content/all` என்று அடித்தால் வெப்சைட் பட்டியல் வரும். அதில் உங்கள் மெயிலின் பெயரைத் தேடி அதை மட்டும் நீக்குங்கள். மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அதனால் பாஸ்வேர்டு தெரியுமா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா வெப்சைட்டின் குக்கியையும் மொத்தமாகத் துடைத்துவிடாதீர்கள். எல்லா இடத்திலும் லாகின் போய்விடும், அதனால் கூடுதல் லாபமும் இல்லை.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா வந்துச்சுங்க. நான் எதையுமே தொடல. ராத்திரியில என்ன ஆயிருக்கும்?”

எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும், உங்களைக் கேட்காது. ப்ரவுசரும் அப்படித்தான். மெயில் கொடுப்பவர்களும் தங்கள் பக்கத்தின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும், நேற்றுவரை ஒத்துப்போனது இன்று மோதலாம். ஆகவே நீங்கள் எதையும் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். அதை வைத்து எக்ஸ்டென்ஷன் காரணமில்லை என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

“அமுக்கறதுக்கு அந்தக் கிளிப் படமே காணோமுங்க.”

விளம்பரத் தடுப்பானிடம் இரண்டு வேலை இருக்கிறது: சில விலாசங்களுக்குப் போகும் தொடர்பைத் தடுப்பது ஒன்று, பக்கத்தில் சில பாகங்களைக் கண்ணில் படாமல் மறைப்பது இன்னொன்று. மறைக்க வேண்டியவற்றின் பெயர்ப் பட்டியலில் தவறுதலாக உங்கள் பட்டனின் பெயரும் பொருந்திவிட்டால் பட்டன் காணாமல் போகும். பக்கத்தைக் கறுப்பாக மாற்றும் எக்ஸ்டென்ஷன் இருந்தால், கறுப்பின் மேல் கறுப்பாகப் பட்டன் அங்கேயே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் மவுஸைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அம்பு கையாக மாறினால் பட்டன் இருக்கிறது, நிறம்தான் மறைக்கிறது. சின்ன விண்டோவாக இருந்தால் பட்டன் மூன்று புள்ளி மெனுவுக்குள் போயிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் முதலில் விண்டோவைப் பெரிதாக்கிவிடுங்கள்.

“இழுத்துட்டுப் போய் மெயில் மேல போட்டா ஏறுது. பட்டனை அமுக்குனா மட்டும் வரமாட்டீங்குது. இதென்னங்க கணக்கு?”

இது நல்ல தகவல். ஃபைல் சர்வருக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது, பட்டனை அமுக்கும் அந்த ஒரு செயல் மட்டும்தான் தடைபடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. தடை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனின் மிதக்கும் படமோ கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளோ பட்டனின் மேல் படிந்திருக்கும். கிளிக் அதன் மேல் விழும். மவுஸை விட்டுவிட்டு, Tab விசையால் நகர்ந்து கிளிப் படத்துக்கு வந்து என்டர் தட்டுங்கள். பெட்டி திறந்தால் மேலே ஏதோ மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ஃபைல் பெட்டியை எந்தப் பக்கமும் தானாகத் திறக்க ப்ரவுசர் விடாது, மனிதர் ஒருவர் கிளிக் செய்திருக்க வேண்டும். சில எக்ஸ்டென்ஷன்கள் உங்கள் கிளிக்கைப் பிடித்து, தங்கள் வேலையை முடித்துவிட்டு, பிறகு தாங்களே ஒரு கிளிக்கை அனுப்பும். அதற்குள் உங்கள் கிளிக்கின் ஆயுள் முடிந்திருந்தால் ப்ரவுசர் மறுத்துவிடும். F12 அமுக்கி Console பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். அங்கே கீழ்க்கண்ட வரி வந்தால் இதுதான் நடக்கிறது.

```
File chooser dialog can only be shown with a user activation.
```

அதே பகுதியில் சிவப்பு வரிகளின் ஓரத்தில் `chrome-extension://` என்று தொடங்கும் விலாசம் இருந்தால், அந்தப் பிழை எக்ஸ்டென்ஷனின் புரோகிராம் வரிகளிலிருந்து வருகிறது. ஆனால் சம்பந்தமே இல்லாத சிவப்பு வரிகளும் அங்கே எப்போதும் கிடக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பட்டனை அமுக்கிய அந்த நொடியில் புதிதாக வரும் வரி மட்டுமே நமக்குத் தேவை.

“ஃபைலை எடுத்துட்டனுங்க, ஆனா பூஜ்யத்துலயே நிக்குது. மேல ஏறவே மாட்டீங்குது.”

இங்கே கிளிக்கில் கோளாறில்லை, தொடர்பில்தான். மறுபடி F12 அமுக்கி, Console பகுதியைத் திறந்துவைத்து, ஃபைலைத் திரும்பச் சேருங்கள். சிவப்பாக வரும் வரியில் `ERR_BLOCKED_BY_CLIENT` என்று இருந்தால் அந்தத் தொடர்பு உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை, ப்ரவுசருக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷனே நிறுத்திவிட்டது. அநேகமாக விளம்பரத் தடுப்பானோ வேவு பார்ப்பதைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனோதான். ஃபைல் ஏற்றும் விலாசம் அவர்கள் பட்டியலில் உள்ள ஏதோ ஒன்றைப் போல இருந்திருக்கும். அதை அந்த வெப்சைட்டுக்கு மட்டும் நிறுத்திவைத்து F5 அமுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: விளம்பரம், கணக்கெடுப்பு சம்பந்தமான விலாசங்களுக்கும் அதே வார்த்தை வரும். அவை தடுக்கப்பட்டால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. ஃபைலைச் சேர்த்த நொடியில் வரும் வரி எது என்று பாருங்கள்.

எல்லா விண்டோவிலும் ஒரே மாதிரி நின்றால் ஃபைலையே பாருங்கள். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரைதான் நேரடியாகச் சேரும், அதற்கு மேல் போனால் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். `.exe` ஃபைல்களை அது ஏற்கவே ஏற்காது, ஜிப் செய்து கொடுத்தாலும். இதற்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை.

“எனக்கு நேர்மாறுங்கண்ணா. சாதா விண்டோல வருது, இன்காக்னிட்டோலதான் வரமாட்டீங்குது.”

இதைக் கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ப்ரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு தம்பி. வரும் வாடிக்கையாளர் யாருடைய லாகினும் அடுத்தவர் கையில் போய்விடக் கூடாது என்று எல்லோருக்கும் இன்காக்னிட்டோவிலேயே திறந்துகொடுப்பார். நல்ல பழக்கம், விடவே கூடாது. வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒருவருக்கு, அந்த வெப்சைட்டில் கூகுள் டிரைவிலிருந்து பயோடேட்டாவை எடுக்கும் பட்டனை அமுக்கினால் லாகின் கேட்டது. லாகின் செய்தால் மறுபடி லாகின் கேட்டது. சுற்றிச் சுற்றி அதே இடம்.

இது நான் சொன்ன மூன்றாவது மாற்றம். நீங்கள் இருப்பது வேலை வெப்சைட். டிரைவ் அதற்குள் வந்து உட்காரும் விருந்தாளி. விருந்தாளி வைக்கும் குக்கியை இன்காக்னிட்டோ தடுப்பதால், நீங்கள் லாகின் செய்ததை டிரைவ் நினைவு வைத்துக்கொள்ள முடிவதில்லை. விலாசப் பட்டையின் வலது ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் தெரியும். அதை அமுக்கி அந்த வெப்சைட்டுக்கு மட்டும் அனுமதித்தால் வேலை முடிந்துவிடும். அதைவிட எளிய வழி, பயோடேட்டாவை டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி, கம்ப்யூட்டரிலிருந்து சேர்ப்பது. அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். ஆனால் இறக்கிய ஃபைல் இன்காக்னிட்டோவை மூடினாலும் அழியாது, Downloads ஃபோல்டரிலேயே இருக்கும். வாடிக்கையாளர் கிளம்பும் முன் அதைக் கையால் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.

கூகுள் ஃபார்மில் ஃபைல் கேட்டிருந்தால் விஷயம் வேறு. அதற்கு எப்போதுமே கூகுள் லாகின் தேவை. இன்காக்னிட்டோ காலியாகத் தொடங்குவதால் லாகின் செய்யும்வரை நிரப்பவே விடாது. அது கோளாறு இல்லை.

“புது புரொஃபைல் போட்டுப் பாருன்னாங்க. போட்டும் அதே கதைதானுங்க.”

ஒரே ப்ரவுசருக்குள் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் இடம்தான் புரொஃபைல். புதிதாக ஒன்று போடுவது நல்ல சோதனைதான். எக்ஸ்டென்ஷனும் பழைய சேமிப்பும் இல்லாமல், அதே சமயம் இன்காக்னிட்டோவின் தடைகளும் இல்லாமல் இருக்கும். ஆனால் அதை உண்டாக்கும்போது உங்கள் கூகுள் கணக்கைக் கொடுத்து, கணக்கில் சேமித்திருப்பதை இங்கேயும் கொண்டுவரும் சிங்க் வசதியை ஆன் செய்துவிட்டால், பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் ஓரிரு நிமிடத்தில் தாமாக வந்து இறங்கிவிடும். நீங்கள் சோதித்தது பழைய புரொஃபைலையேதான். கணக்கு எதுவும் கொடுக்காமல் புரொஃபைலை உண்டாக்குங்கள், மெயில் பக்கத்தில் மட்டும் லாகின் செய்யுங்கள். அப்போது ப்ரவுசரிலும் கணக்கைச் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோதனை தொடங்கும் முன் `chrome://extensions` காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

“கம்பெனி கம்ப்யூட்டருங்க. ஆஃப் பண்ற சுவிட்சு அசையவே மாட்டீங்குது.”

அந்த எக்ஸ்டென்ஷனின் Details பக்கத்தில் Installed by your administrator என்று போட்டிருக்கும். கம்பெனியின் ஐடி ஆள் வைத்தது, உங்களால் ஆஃப் செய்ய முடியாது. `chrome://policy` என்று அடித்துப் பாருங்கள். அங்கே `AllowFileSelectionDialogs` என்ற வரி `false` என்று இருந்தால், ஃபைல் பெட்டி திறப்பதையே கம்பெனி தடைசெய்திருக்கிறது. வெள்ளைப் பக்கச் சோதனையிலும் பெட்டி திறக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும். டிசைன், விலை விவரம் வெளியே போகக் கூடாது என்று சில இடங்களில் இப்படி வைப்பார்கள். இன்காக்னிட்டோவையே எடுத்துவிட்டிருக்கவும் கூடும்.

இதைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள், உங்கள் வேலைக்கே ஆபத்து. அந்த வரியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐடி ஆளிடம் காட்டுங்கள். “அட்டாச் ஆகல” என்று மட்டும் சொல்வதைவிட அதற்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

“நான் ஃபயர்பாக்ஸ் வச்சிருக்கனுங்க. எனக்கும் இதே வழிதானா?”

வழி அதேதான், இடம்தான் வேறு. தனிப்பட்ட விண்டோவுக்கு Ctrl+Shift+P, எக்ஸ்டென்ஷன் பட்டியலுக்கு `about:addons`. தனிப்பட்ட விண்டோவில் ஓட ஒவ்வொன்றுக்கும் Run in Private Windows என்ற அனுமதி இருக்கும். கூடுதலாக ஃபயர்பாக்ஸில் Help மெனுவுக்குள் Troubleshoot Mode என்று ஒன்று இருக்கிறது. எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஒரே தட்டில் நிறுத்தித் திறக்கும், உங்கள் லாகினும் அப்படியே இருக்கும். ஆனால் அது ப்ரவுசரின் தோற்றத்துக்கு வைத்திருக்கும் தீம் அமைப்பையும் கிராபிக்ஸ் வேகமூட்டலையும் சேர்த்தே நிறுத்துகிறது. ஆகவே அதில் சரியானால், பாதி பாதியாகத் தேடி எக்ஸ்டென்ஷன்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

“போன்லயும் அட்டாச் ஆகமாட்டீங்குதுங்க. அதுலயும் எக்ஸ்டென்ஷன் இருக்குமா?”

ஆண்ட்ராய்டு போனில் குரோமுக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. போனின் செட்டிங்ஸில் அந்த ப்ரவுசருக்கு கேமரா, ஃபைல் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்பாக்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் உண்டு, அதில் எக்ஸ்டென்ஷனை ஆஃப் செய்து, பக்கத்தைப் புதிதாக ஏற்றிப் பார்க்கும் வழி பொருந்தும்.

“கண்டுபுடிச்சாச்சுங்க. ஆனா அந்த எக்ஸ்டென்ஷன் எனக்கு தெனமும் வேணுமே?”

அழிக்கத் தேவையில்லை. `chrome://extensions` பக்கத்தில் அதன் Details திறங்கள். எந்தெந்த வெப்சைட்டில் அது நுழையலாம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும்: On click, On specific sites, On all sites. கடைசியில் இருந்தால் எல்லாப் பக்கத்திலும் நுழையும். On click வைத்தால் நீங்கள் அதன் படத்தை அமுக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தில் நுழையும். On specific sites வைத்தால் நீங்கள் கொடுக்கும் வெப்சைட்டுகளில் மட்டும். விளம்பரத் தடுப்பானை இப்படிக் குறைக்க வேண்டாம். அதன் படத்தை அமுக்கினாலே இந்த வெப்சைட்டில் மட்டும் நிறுத்து என்று ஒரு சுவிட்ச் அநேகமாக இருக்கும்.

அந்த ஏற்றுமதி ஆபீஸ் அக்காவுக்கும் பிடிஎஃப் மாற்றி தினமும் வேண்டும். அதை On click என்று வைத்து, F5 தட்டி, மெயிலில் கிளிப் படத்தை அமுக்கச் சொன்னேன். பெட்டி திறந்தது. நான் கிளம்பும்போது அடுத்த ஷிப்மென்டின் பேக்கிங் லிஸ்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.